அபராத மெசேஜில் பணம் கட்ட லிங்க்: நிஜ அபராதமா என்று நாமே பார்ப்பது எப்படி?

கேள்வி: அப்பா பெயரில் இருக்கும் TN 68 பைக்குக்கு ஆயிரம் ரூபாய் அபராதம் என்று அவர் வாட்ஸ்அப்புக்கு மெசேஜ் வந்திருக்கிறது. வண்டி நம்பர் சரியாக இருக்கிறது, கீழே பணம் கட்ட ஒரு லிங்க். போன வாரம் கும்பகோணம் போனார், ஹெல்மெட் போடவில்லை. இன்று இரவுக்குள் கட்டாவிட்டால் லைசென்ஸ் ரத்து என்கிறது. கட்டிவிடலாமா? இது நிஜம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

அந்த லிங்க்கில் கட்ட வேண்டாம். அபராதம் நிஜமாகவே இருந்தாலும் அந்த லிங்க்கில் கட்ட வேண்டாம்.

இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. மெசேஜ் நிஜமா என்பது ஒன்று. வண்டி மேல் அபராதம் இருக்கிறதா என்பது இன்னொன்று. முதல் கேள்வியில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. இரண்டாவதற்கு அரசு இணையதளத்தில் ஐந்து நிமிடத்தில் விடை கிடைக்கும். அதற்கு மெசேஜில் உள்ள எதுவும் தேவையில்லை, வண்டியின் ஆர்சி கையில் இருந்தால் போதும்.

ஆர்டிஓ வேலை, இன்சூரன்ஸ் என்று வண்டிக் காகிதங்களோடு புழங்குகிறவன் என்பதால், இந்த மாதிரி மெசேஜை நீட்டி "கட்டலாமா சார்" என்று கேட்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். எல்லோரும் நம்புவதற்குக் காரணம் ஒன்றுதான்: வண்டி நம்பர் சரியாக இருக்கிறது. ஆனால் நம்பர் பிளேட் ஊரே பார்க்கத்தான் மாட்டியிருக்கிறது. அது எங்கிருந்தாவது போன் நம்பரோடு சேர்ந்து ஒருவர் கைக்குப் போயிருந்தால் போதும், உங்கள் அப்பாவுக்கு வந்தது போல ஒரு மெசேஜ் தயார். ஹெல்மெட் விஷயமும் அப்படித்தான். நம் பக்கம் பைக் வைத்திருக்கிற யாருக்கு "ஹெல்மெட் போடவில்லை" என்று அனுப்பினாலும் பாதிப் பேருக்குப் பொருந்தும். அந்த மெசேஜை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். எந்த இடத்தில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு என்று இருக்கிறதா? கும்பகோணம் என்று மெசேஜ் சொல்கிறதா, அல்லது போன வாரப் பயணத்தை நீங்களே நினைவில் எடுத்துப் பொருத்திக்கொண்டீர்களா? பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும்.

"இன்று இரவுக்குள் லைசென்ஸ் ரத்து" என்பதற்கும் பயப்பட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194D பிரிவில் ஹெல்மெட் போடாததற்கு ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி நீக்கமும் இருப்பது உண்மைதான். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து அந்த ஆயிரம் ரூபாய் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் கெடு வைத்து ராத்திரியோடு ராத்திரியாக லைசென்ஸை ரத்து செய்யும் முறை எதுவும் சட்டத்தில் கிடையாது. நிஜ அபராதம் நாளைக்கும் அதே இடத்தில்தான் இருக்கும். யோசிக்க விடாமல் விரட்டுவதற்குத்தான் அந்தக் கெடு.

இனி பார்க்கும் முறை. போனிலோ கம்ப்யூட்டரிலோ பிரவுசரைத் திறந்து, மேலே முகவரி எழுதும் இடத்தில் இதை நீங்களே டைப் செய்யுங்கள்:

```
echallan.parivahan.gov.in
```

கூகுளில் தேடி முதலில் வருவதைத் தட்டாதீர்கள், அங்கே விளம்பரமாகப் போலித் தளமும் வரலாம். இது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் இ-சலான் தளம். தமிழ்நாட்டுப் போலீஸ் போடும் இ-சலானும் இதில்தான் ஏறும். உள்ளே Check Challan Status என்பதைத் தட்டினால் சலான் எண், வண்டி எண், ஓட்டுநர் உரிம எண் என்று மூன்று வழிகளில் தேடலாம்.

நீங்கள் Vehicle Number வழியைத் தேர்ந்தெடுங்கள். வண்டி எண்ணை இடைவெளி இல்லாமல், TN68 என்று தொடங்கி எழுதுங்கள். கடைசி எண் நான்கு இலக்கமாக இருக்க வேண்டும். பிளேட்டில் வெறும் 75 என்று இருந்தால் 0075 என்று போட வேண்டும். இதைத் தப்பாகப் போட்டுவிட்டு "ஒன்றும் இல்லை" என்று நிம்மதியாகப் போகிறவர்கள் உண்டு. அடுத்து சேஸ் எண்ணோ இன்ஜின் எண்ணோ, அதன் கடைசி ஐந்து எழுத்துகளைக் கேட்கும். இரண்டும் ஆர்சியில் இருக்கின்றன. ஆர்சி கைவசம் இல்லையென்றால் இன்சூரன்ஸ் பாலிசியில் பாருங்கள், அதிலும் இருக்கும். பதினேழு எழுத்து சேஸ் எண்ணில் ஆங்கில O என்ற எழுத்து வராது. வட்டமாக எது தெரிந்தாலும் அது சைபர்தான். பிறகு படத்தில் உள்ள எழுத்துகளை நிரப்பி Get Detail தட்ட வேண்டும். நடுவில் ஓடிபி கேட்டால் அந்தப் பக்கத்தில் மட்டும் போடுங்கள். போனில் கூப்பிட்டு அதைக் கேட்கிற எவரிடமும் சொல்லாதீர்கள்.

சேஸ் எண்ணைக் கேட்பது பலருக்கு எரிச்சலாக இருக்கிறது. போலித் தளங்கள் பெரும்பாலும் அதைக் கேட்பதில்லை, வண்டி நம்பர் மட்டும் போட்டால் உடனே அபராதத்தைக் காட்டிவிடும். அவற்றுக்குப் பின்னால் பார்க்க எந்தப் பதிவேடும் கிடையாது. சில தளங்களில் எந்த நம்பரைப் போட்டாலும், இல்லாத நம்பரைப் போட்டாலும் கூட, அபராதம் இருப்பதாக வரும். தொகையும் யோசிக்காமல் கட்டிவிடுகிற அளவுக்குச் சின்னதாகத்தான் இருக்கும். அந்தச் சின்னத் தொகை அவர்களுக்கு வேண்டியதில்லை. கார்டு எண், பின்புறத்து மூன்று இலக்கம், அதன்பின் ஓடிபி, இவைதான் வேண்டும். அதனால் யுபிஐ வழியே இல்லாமல் கார்டு மட்டும் கேட்கிற பக்கங்களும் உண்டு.

தளம் உங்களுக்கு இரண்டில் ஒரு விடை தரும். ஒன்று, சலான் எதுவும் இல்லை. அப்படி வந்தால் இன்ஜின் எண்ணை வைத்தும் ஒரு தடவை பாருங்கள். மெசேஜில் சலான் எண் கொடுத்திருந்தால் அதையும் இதே தளத்தில் Challan Number வழியில் போட்டுப் பாருங்கள். எதிலும் இல்லையென்றால் இன்றைய தேதிக்கு அந்த வண்டி மேல் இ-சலான் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ரோட்டில் நிறுத்தி கைக்கருவியில் போடும் சலான் சீக்கிரம் ஏறிவிடும். கேமராவில் சிக்கியது ஏறச் சில நாள் பிடிக்கும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் சேர்த்த 167A, கேமரா வழியான அபராதத்துக்கான நோட்டீசை 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்கிறது. ஆகவே சந்தேகம் தீராவிட்டால் இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு முறை பாருங்கள். அதுவரைக்கும் அந்த மெசேஜ் சொல்லும் பணத்தை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொரு விடை, சலான் இருக்கிறது என்பது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். சிக்னல் தாண்டியதற்கு ஐந்நூறு ரூபாய் என்று அவருக்கு மெசேஜ், கூடவே லிங்க். தளத்தில் பார்த்தோம், அவர் வண்டி மேல் ஒரு சலான் நிலுவையில் இருந்தது. "அப்ப மெசேஜ் நிஜம்தான் சார், கட்டிடறேன்" என்று போனை எடுத்துவிட்டார். சலானைத் திறந்து ஒவ்வொன்றாக ஒப்பிடச் சொன்னேன். தளத்தில் இருந்தது ஹெல்மெட்டுக்கான ஆயிரம் ரூபாய். இடம் தஞ்சாவூர். தேதி சில மாதம் முந்தையது, மகன் வண்டியை எடுத்துப்போன நாள். மெசேஜில் இருந்த சலான் எண்ணோ தளத்தில் எங்குமே இல்லை. அதாவது அபராதம் நிஜம், மெசேஜ் பொய். லிங்க்கில் கட்டியிருந்தால் ஐந்நூறு போயிருக்கும், கார்டு விவரம் போயிருக்கும், ஆயிரம் ரூபாய் நிலுவை அப்படியே நின்றிருக்கும்.

உங்கள் அப்பா விஷயத்திலும் இது நடக்கலாம். கும்பகோணத்தில் நிஜமாகவே படம் எடுத்திருக்கலாம். அதே வாரம் யாரோ குருட்டாம்போக்கில் போலி மெசேஜும் அனுப்பியிருக்கலாம். ஆகவே சலான் கிடைத்தால் சலான் எண், வண்டி எண், தேதி, நேரம், இடம், குற்றம், தொகை எல்லாவற்றையும் பாருங்கள். கேமரா சலான் என்றால் படம் இருக்க வேண்டும். குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம் நோட்டீசோடு வர வேண்டும் என்று அதே 167A சொல்கிறது. எல்லாம் பொருந்தினால் அந்தப் பக்கத்திலேயே உள்ள Pay Now வழியாகக் கட்டுங்கள். மெசேஜுக்குத் திரும்பிப் போகாதீர்கள். கட்டிய ரசீதை இறக்கி வைத்துக்கொண்டு, சில நாள் கழித்து அந்தச் சலான் நிலுவைப் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டதா என்று பாருங்கள். நீண்ட நாள் கட்டாத சலான் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டதாகக் காட்டினால் இங்கே கட்ட முடியாமல் போகலாம். அப்போது vcourts.gov.in தளத்தில் தேட வேண்டும், அல்லது சலான் போட்ட காவல் நிலையத்தில் கேட்க வேண்டும்.

படத்தில் இருப்பது உங்கள் வண்டியே இல்லையென்றால் கட்டாதீர்கள். பிளேட்டில் ஒரு எழுத்தைக் கேமரா மாற்றிப் படித்திருக்கலாம், வேறு யாரோ உங்கள் நம்பரை மாட்டி ஓட்டலாம். அதே தளத்தில் Grievance பகுதியில் சலான் எண்ணோடும் உங்கள் வண்டிப் படத்தோடும் புகார் போடலாம். நம் பக்கம் இதைவிட அதிகம் பார்ப்பது, விற்ற வண்டிக்கு வரும் அபராதம். காசை வாங்கிக்கொண்டு ஃபார்மில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு சரி, வாங்கியவர் பெயர் மாற்றவே இல்லை. பதிவேட்டில் இன்னும் நீங்கள்தான் உரிமையாளர், ஆகவே அபராதம் உங்களைத்தான் தேடி வரும். அது மோசடி அல்ல, நிஜ அபராதம்.

மெசேஜைப் பார்த்தே போலி என்று கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்பீர்கள். ஓரளவு முடியும். ஆனால் "லிங்க் இருந்தால் போலி" என்ற விதி தப்பு, நிஜ இ-சலான் எஸ்எம்எஸ்ஸிலும் லிங்க் வரும். அனுப்பியவரைப் பாருங்கள். நிஜ எஸ்எம்எஸ் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வராது. ஆங்கில எழுத்துகளாலான பெயரிலிருந்து வரும். 2025 முதல் அரசு அனுப்பும் மெசேஜ்களில் அந்தப் பெயரின் கடைசியில் -G என்று சேர்ந்திருக்கும். சாதாரண மொபைல் எண்ணிலிருந்தோ, +91 அல்லாத வெளிநாட்டு எண்ணிலிருந்தோ, முகப்பில் அரசு முத்திரை ஒட்டிய வாட்ஸ்அப் கணக்கிலிருந்தோ வந்தால் தூக்கிப் போடலாம். லிங்க்கைப் படிக்கவும் ஒரு முறை இருக்கிறது. https:// என்பதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோடு வரை எடுத்துக்கொண்டு, வலமிருந்து இடமாகப் படியுங்கள். இந்த இரண்டைப் பாருங்கள்:

```
https://echallan.parivahan.gov.in/index/
https://parivahan.gov.in.pay-challan.example/index/
```

இரண்டிலும் parivahan.gov.in இருக்கிறது. ஆனால் சாய்கோட்டுக்கு முன்னால் .gov.in என்று முடிவது முதலாவது மட்டும்தான். இப்படிப் புள்ளியோடு சேர்த்து .gov.in என்று முடியும் முகவரி அரசுக்கு மட்டுமே கிடைக்கும். இரண்டாவதில் அது முன்னால் ஒட்டிய வேஷம், உண்மையான முகவரி கடைசியில் இருக்கிற pay-challan.example. (இல்லாத முகவரியாக இருக்க வேண்டும் என்று நான் எழுதியது அது. நிஜப் போலிகளில் அந்த இடத்தில் .xyz, .top, .in என்று எதுவும் வரும்.) சுருக்கிய லிங்க்கில் இந்தப் பரிசோதனை செல்லாது, எங்கே போகிறது என்றே தெரியாது. அதனால்தான் நான் யாருக்கும் லிங்க் படிக்கக் கற்றுக்கொடுப்பதைவிட, தளத்தின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பதையே விரும்புகிறேன்.

லிங்க்குக்குப் பதிலாக ஒரு கோப்பு வந்திருந்தால் இன்னும் கவனம். RTO Challan.apk என்பது போல .apk என்று முடியும் கோப்பு அது. சலான் ஒருபோதும் அந்த வடிவில் வராது. அது போனில் பதியும் ஆப். பதிந்தால் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்த நிமிடத்திலிருந்து வங்கி அனுப்பும் ஓடிபி எல்லாம் அவர்கள் கைக்குப் போகும். அதே போனிலிருந்து அப்பாவின் வாட்ஸ்அப் தொடர்புகளுக்கும் குழுக்களுக்கும் அந்தக் கோப்பு தானாகப் போகலாம். ஆகவே பாசன சங்கக் குழுவில் தெரிந்த மாமா அனுப்பியிருக்கிறார் என்பதற்காக அதைத் திறக்காதீர்கள். அனுப்பியது மாமாவாக இருக்காது. நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்கில்தான் வருகிறது, அந்தக் கணக்கோடு இணைந்த எண் அப்பாவின் இந்தப் போனில்தான் இருக்கும். அறுவடை முடிந்த வாரத்தில் இதைத் திறப்பது எவ்வளவு பெரிய இழப்பு ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மெசேஜைத் திறந்து படித்ததால் மட்டும் ஒன்றும் ஆகாது. கார்டு விவரம் போட்டிருந்தாலோ, ஆப் பதிந்திருந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். ஆப் பதிந்திருந்தால் முதலில் போனை ஏர்பிளேன் மோடில் போட்டுச் சிம்மைக் கழற்றி வேறு போனில் மாட்டுங்கள். வேறு போனிலிருந்தே வங்கிக்குப் பேசிக் கார்டையும் நெட்பேங்கிங்கையும் முடக்குங்கள். பிறகு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசி, cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதியுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் நடுவில் நிறுத்தி வைக்க வாய்ப்பு. ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, நாமே ஓடிபி போன்ற விவரத்தைக் கொடுத்ததால் போன பணத்தில், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது நம் தலையில். தெரிவித்த பிறகு போனது வங்கியின் பொறுப்பு. அதனால் புகார் எண்ணும், பேசிய நேரமும் எழுதி வையுங்கள். அந்தச் சிம் மாட்டிய போனில் ##002# அழைத்தால் யாராவது அழைப்புகளைத் திருப்பி விட்டிருந்தால் அது ரத்தாகும். வாட்ஸ்அப்பில் Linked devices பகுதியில் தெரியாத சாதனம் இருந்தால் நீக்குங்கள். ஆப்பை நீக்க முடியாமல் அடம்பிடித்தால், படங்களை எடுத்து வைத்துக்கொண்டு போனை முழுக்க அழித்துப் புதிதாக அமைப்பதுதான் நல்லது.

பணம் போகவில்லை, மெசேஜ் மட்டும்தான் என்றாலும் sancharsaathi.gov.in தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் அந்த எண்ணைப் புகார் செய்யலாம். வாட்ஸ்அப்பிலும் ரிப்போர்ட் செய்து பிளாக் செய்யுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மெசேஜ் வராததால் அபராதம் இல்லை என்று அர்த்தமில்லை. நம் பக்கத்தில் நிறைய வண்டிகளின் ஆர்சியில் டீலர் நம்பரோ, புரோக்கர் நம்பரோ, எப்போதோ தூக்கிப் போட்ட சிம் நம்பரோதான் பதிவாகியிருக்கிறது. நிஜ எஸ்எம்எஸ் அங்கே போய்க்கொண்டிருக்கும், போலி மட்டும் அப்பா போனுக்கு வரும். vahan.parivahan.gov.in தளத்தில் வண்டி எண், சேஸ் எண், இன்ஜின் எண், பதிவுத் தேதி இவற்றைக் கொடுத்து அப்பாவின் இப்போதைய எண்ணை மாற்றிவிடுங்கள். இன்றைக்கு ஆர்சியை எப்படியும் வெளியே எடுக்கப் போகிறீர்கள், இரண்டு வேலையையும் ஒரே உட்காரலில் முடித்துவிடலாம்.